விசில் கேட்கிற தூக்கம்

என் கணவர் சிறுமலைத் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போன பிறகு அவருக்கு மிஞ்சியவை இடது கை, ஒரு விசில், இரண்டு சொற்கள். "ரைட்" என்பார். "போலாம்" என்பார். பெற்ற மகளின் பெயர் வாயில் வராது, என்னைக் கூப்பிடும் பெயரும் வராது. வேலை பார்த்த காலம் முழுக்க நாக்கில் புரண்ட இந்த இரண்டும் மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டன. இப்படி ஆவது உண்டு என்றார் வைத்தியம் பார்த்தவர். புத்தி தெளிவாக இருக்கிறது, நாம் பேசுவது புரிகிறது, சொல்லத்தான் வராது என்றார். அதைக் கேட்டு மற்றவர்கள் ஆறுதல் பட்டார்கள். எனக்கு அதுதான் கொடுமையாகப் பட்டது.

விசிலை எடுத்துக் கொடுத்தது நான்தான். வேலையில் இருந்தபோது சாயங்காலம் டெப்போவில் இறங்கியதும் அதன் கயிற்றை விசிலின் மேலேயே நெருக்கமாகச் சுற்றி, முனையை உள்ளே செருகிச் சட்டைப் பையில் போடுவார். அப்படிச் சுற்றிவிட்டால் டூட்டி முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு டிரைவரே வந்து கூப்பிட்டாலும் வேலை சம்பந்தமாக ஒரு பேச்சுப் பேச மாட்டார். பீரோவுக்குள் அந்தக் கோலத்திலேயே கிடந்ததை எடுத்து, கயிற்றைப் பிரித்து, கட்டிலின் இடது பக்கக் கம்பியில் கட்டினேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் ஊதினால் காற்று பாதி வெளியே போய்விடும். விசிலை இடது கடைவாயில் கவ்விக்கொண்டு, தொங்கும் வலது உதட்டை இடது கை விரலால் அழுத்திக்கொண்டு ஊதக் கற்றுக்கொண்டார். பஸ்ஸில் உள்ள கணக்குத்தான் வீட்டிலும். ஒரு விசில் என்றால் நில், வா. இரண்டு விசில் என்றால் ஆயிற்று, போகலாம்.

நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். அய்யலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு கத்தியே காலத்தை ஓட்டினேன். கத்துகிறவர்களுக்கு நன்றாகத் தூக்கம் வரும் என்பது என் அனுபவம். கட்டையைச் சாய்த்தால் போதும், விடிந்துவிடும். அவர் விழுந்த பிறகுதான் தூக்கம் என்பது ஒரு விஷயமாயிற்று. திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், மூத்திரக் கோப்பையைப் பிடிக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து படுத்தால் கண் மூடாது. தெருக்கோடியில் இருக்கும் டாக்டரிடம் சொன்னேன். கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று அல்பிரசோலம் எழுதிக் கொடுத்தார், தீர்ந்ததும் வந்து பார்க்கச் சொன்னார். மாத்திரை அன்று ராத்திரியே வேலை செய்தது. வேலை செய்கிற மருந்தை எதற்கு டாக்டரிடம் போய்க் கேட்பது? மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டினால் கொடுத்தார்கள். பிறகு சீட்டே கேட்கவில்லை, முகத்தைப் பார்த்ததும் அட்டையை எடுத்து வைத்தார்கள்.

அரை மாத்திரை ஒன்றாயிற்று, ஒன்று ஒன்றரையாயிற்று. வருஷங்கள் போயின. பகலில் தலை பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஷிப்ட் வேலை. ஒருநாள் விடியும் நேரத்தில் மில் வண்டியிலிருந்து இறங்கித் தெருமுனையில் வந்துகொண்டிருந்தவளுக்கு விசில் சத்தம் கேட்டிருக்கிறது. கேட்டைத் திறந்து வந்து எங்கள் கதவைத் தட்டினாள், பிறகு இடித்தாள், கடைசியில் ஜன்னலில் கல்லை வைத்துத் தட்டினாள். அதற்குத்தான் நான் எழுந்தேன். அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தார். விழாத இடது கையால் விசிலைப் பிடித்தபடி ஊதிக்கொண்டிருந்தார். வலது கை உடம்புக்கடியில் மடங்கி வீங்கிப் போயிருந்தது. உதடு வெடித்து ரத்தம். எத்தனை நேரமாக ஊதினார் என்று அவரால் சொல்ல முடியாது. கட்டிலுக்கு இந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் பாயில் நான் படுத்திருந்தேன்.

"டீச்சர், தெருமுனை வரைக்கும் கேக்குது. உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள்.

கேட்கவில்லை என்றேன். வேறு என்ன சொல்வது? அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டதும் அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "ரைட்" என்றார். பரவாயில்லை, நகரு என்கிற மாதிரி.

அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். எனக்கு என்ன பைத்தியமா என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் உட்கார்ந்தேன். என் முறை வரும் வரைக்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்: இந்த மாத்திரையை மாற்றி, தூக்கமும் வர வேண்டும், விசிலும் கேட்க வேண்டும் என்கிற மாதிரி வேறு நல்ல மாத்திரையாகக் கேட்பது.

டாக்டர் அம்மா சின்ன வயசு. என்னிடம் படித்த பிள்ளைகளின் வயசுதான் இருக்கும். கேள்விகள் மட்டும் பெரிய வயசு. குறட்டை விடுவேனா, மூச்சு அடைத்து எழுந்திருப்பேனா, படுத்தால் கால் குறுகுறுக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன், நடக்கும்போது தள்ளாடுகிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா. கடைசிக் கேள்விக்கு, "வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கிடக்காரு, எனக்குச் சாக நேரம் ஏதும்மா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தோன்றுகிறதா இல்லையா என்று மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன்.

"இந்த மாத்திரைய நிறுத்திரலாம்னு நெனைக்கிறேன்மா."

"நிறுத்திட்டா எப்படித் தூங்குறது? வேற நல்லதா குடுங்க."

"எதைக் குடுத்தாலும் கொஞ்ச நாள்ல இதே கதைதான். இது அவசரத்துக்கு, சில நாளைக்குக் குடுக்குற மருந்து. நாளாக நாளாக உடம்பு பழகிரும். அதே அளவு பத்தாது. உங்க வயசுல மறதி வரும், தள்ளாட்டம் வரும், விழுந்தா இடுப்பு எலும்பு போயிரும். நீங்க விழுந்தா ஐயாவை யார் பாக்குறது?"

அது சுருக்கென்று தைத்தது. எல்லோருக்கும் இப்படித்தான் நிறுத்துவீர்களா என்று கேட்டேன், வாத்தியார் புத்தி. இல்லை என்றார். வலிப்புக்காக இந்த வகை மருந்து சாப்பிடுகிறவர்களிடம் அதைத் தொட மாட்டாராம். மனச்சோர்வு முற்றி இருப்பவர்களுக்கு முதலில் அதற்கு வைத்தியம் பார்த்து, நிலைமை சரியான பிறகுதான் பேச்சாம். ஒரு பெரிய இடி விழுந்த நேரத்தில் நாலைந்து நாளைக்குக் கொடுப்பதில் தப்பும் இல்லையாம். "உங்க விஷயம் வேற. தூக்கம் வராதது இப்ப தனி நோயாயிருச்சு. மாத்திரையால அது கொறையல. ஆனா ஒண்ணு, இன்னைக்கே தூக்கி எறிஞ்சிறாதீங்க. பட்டுன்னு நிறுத்துனா கைநடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்பே வரும். கால்வாசி கால்வாசியா குறைப்போம்." இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், உடம்பு தாங்காவிட்டால் அந்த அளவிலேயே கொஞ்ச நாள் நிற்கலாம், அவசரம் இல்லை என்றார்.

மாத்திரைக்குப் பதில் என்ன என்றேன். பயிற்சி என்றார். தூக்கத்துக்குப் பயிற்சியா! உளவியல் நிபுணர் ஒருவர் வாரம் ஒரு தடவை உட்கார வைத்துப் பேசுவார், படுக்கிற பழக்கத்தையும் தூக்கத்தைப் பற்றிய நினைப்பையும் மாற்றுவார் என்றார். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் செய்ய வேண்டியதே இதுதானாம், நம் ஊரில்தான் கடைசியில் செய்கிறோமாம்.

"மாத்திரை இன்னைக்கு ராத்திரியே வேலை செய்யும். பயிற்சி வேலை செய்ய சில வாரம் ஆகும். முதல்ல இன்னும் மோசமாகும்னுகூடச் சொல்லிர்றேன். ஆனா மாத்திரைய விட்டா அதோட பலனும் போயிரும். பயிற்சி முடிஞ்ச பிறகும் பலன் உங்ககூட இருக்கும்."

நான் கேட்க வந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "விசில் அடிச்சா எந்திரிப்பேனா?"

அவருக்கு அப்போதுதான் முழுக் கதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதுக்காகத்தாம்மா நிறுத்தச் சொல்றேன்" என்றார்.

உளவியல் நிபுணர் ஒல்லியான பையன் மாதிரி இருந்தார். கல்யாணம் ஆகியிருக்குமா என்றே சந்தேகம். ஒரு தாளைக் கொடுத்து, எப்போது படுத்தேன், ஏறத்தாழ எவ்வளவு நேரம் தூங்கினேன், எப்போது எழுந்தேன் என்று காலையில் குறித்து வரச் சொன்னார். குறித்துக்கொண்டு போனேன். அவர் கூட்டிக் கழித்துவிட்டு, நான் பாயில் கிடக்கும் நேரத்தில் பாதியளவுதான் தூங்குகிறேன் என்றார். மீதி நேரம் பாயில் கிடந்து கிடந்து, பாயைக் கண்டாலே மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிட்டதாம். ஆகவே தூங்குகிற நேரம் எவ்வளவோ, அதை ஒட்டித்தான் படுக்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்க மாட்டேன் என்றார், ஏதோ பெரிய மனசு பண்ணியதுபோல. எவ்வளவு மோசமான ராத்திரியானாலும் காலையில் எழுவது ஒரே நேரம். பகலில் தலை சாய்க்கக் கூடாது. மத்தியானத்துக்கு மேல் காபி கூடாது. இதற்குப் பதில் என் பென்ஷனை நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

"தூக்கம் வரலைன்னா படுக்கைல பெரண்டுக்கிட்டு இருக்காதீங்க. எந்திரிச்சு வேற ரூமுக்குப் போயிருங்க. தூக்கம் கண்ணைச் சொருகுனா மட்டும் திரும்பி பெட்ரூமுக்கு வாங்க" என்றார்.

"தம்பி, எங்க வீட்டுல ஏது பெட்ரூம்? ஒரு ஹால், ஒரு அடுப்படி. ஹால்ல அவரு கட்டில் கிடக்கு. அதுக்குப் பக்கத்துல பாயை விரிச்சுப் படுக்குறேன். அந்தப் பாயிலதான் உக்காந்து வெங்காயம் உரிக்கிறேன், அதுலதான் டிவி பாக்குறேன், அதுலதான் அவருக்குச் சோறு பிசைஞ்சு ஊட்டுறேன். எந்திரிச்சு எங்க போறது? தெருவுக்கா?"

அவர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். படித்து வந்ததெல்லாம் கட்டில் போட்ட தனி அறைக்காரர்களுக்கு எழுதியது போலிருக்கிறது. பிறகு சொன்னார்: "அப்ப பாய்தான் உங்க பெட்ரூம்மா. பகல்ல அதை விரிக்கவே விரிக்காதீங்க. வெங்காயம், டிவி, சோறு எல்லாம் வேற எடம். தூக்கம் வந்தா மட்டும் விரிங்க. வரலைன்னா எந்திரிச்சுச் சுருட்டி வச்சிருங்க. அடுப்படில போய் உக்காருங்க."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

ஆனால் அடுத்து வந்த வாரங்களை என் எதிரிக்குக்கூடக் கொடுக்க மாட்டேன். பிளேடால் மாத்திரையை வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு தூளாகவும் போகும். கால்வாசி குறைத்ததற்கே நெஞ்சு படபடத்தது. பாயை விரித்தேன், சுருட்டினேன், விரித்தேன், சுருட்டினேன். அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கினேன். கல்லே இல்லாத பாக்கெட் பருப்பு. காலையில் கண் எரிய, மூளை களைத்துப்போய், அவருக்குப் பல் தேய்த்துவிடும்போது அழுதேன். நோய் திரும்பி வந்துவிட்டது, மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது என்று டாக்டர் அம்மாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். இது நோய் திரும்பியது இல்லை, மருந்து விலகும்போது தூக்கம் முரண்டு பிடிப்பது, இதைத் தாங்க முடியாமல்தான் எல்லோரும் மறுபடியும் மாத்திரையை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள் என்றார். முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டாம், அடுத்த குறைப்பைத் தள்ளிப் போடலாம் என்று அதே அளவில் நிற்க வைத்தார். தூக்கக் கிறக்கத்தோடு அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மாடிப் பெண் ஷிப்ட் இல்லாத நேரங்களில் வந்து கைகொடுத்தாள்.

இதையெல்லாம் அவர் கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. ராத்திரி நான் பாயைச் சுருட்டுவதையும், காலையில் முகம் வீங்கி நிற்பதையும், மருந்து அட்டையை எடுத்து எடுத்து வைப்பதையும் ஒரு மனிதர் வேறு வேலையே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் மாத்திரை வெட்டும்போது இடது கையை நீட்டி என் தலையில் வைத்தார். கை கனமாக இருந்தது. எடுக்கவே இல்லை.

உளவியல் நிபுணர் சாயங்காலம் கொஞ்ச நேரம் ஒதுக்கிக் கவலைப்படச் சொல்லியிருந்தார். பாயில் கவலைப்படாமல் இருக்க, வெளிச்சம் இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டுமாம். நான் வாசலில் நாற்காலி போட்டு, மலைக்கோட்டைப் பாறையில் வெயில் இறங்குவதைப் பார்த்தபடி ஒழுங்காகக் கவலைப்பட்டேன். அடுத்த தடவை போனபோது என்ன கவலை என்று கேட்டார்.

"விசில் கேக்காம தூங்கிருவேனோன்னு."

"அந்தப் பயத்துலயே முழிச்சிருக்கீங்க. முழிச்சுக் களைச்சுப்போய் மாத்திரை போடுறீங்க. மாத்திரை போட்டா நெசமாவே கேக்காது. இந்த வட்டத்தைப் பாத்தீங்களா? அம்மா, இயல்பான தூக்கத்துக்குக் காது உண்டு. பச்சப்புள்ளக்காரி இடி இடிச்சாலும் தூங்குவா, தன் பிள்ளை முனகுனா எந்திரிச்சிருவா. உங்களுக்கும் அப்படித்தான். காவல் இருக்க வேணாம். தூங்குங்க. கூப்பிட்டா எந்திரிப்பீங்க."

நான் நம்பவில்லை. நம்புகிற மாதிரி நடித்தேன். அதற்குள் அரை மாத்திரைக்கு வந்திருந்தேன். பிறகு கால். அந்தக் கடைசிக் கால்தான் ரொம்ப நாள் இழுத்தது. ஒருநாள் அதுவும் இல்லை என்று ஆயிற்று. பாயை விரித்தால் கண் சொருக ஆரம்பித்தது. படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரம் கால் மணி நேரமாகக் கூட்டிக் கொடுத்தார் உளவியல் நிபுணர், ரேஷன் கடைக்காரர் மாதிரி. பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தேன்.

ஒரு ராத்திரி நல்ல தூக்கத்தில் இருந்தேன். ஒரு விசில். கண்ணைத் திறந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அவருக்குத் தண்ணீர்த் தாகம். இரண்டாவது விசிலுக்காக வாயில் வைத்திருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கேட்டுச்சுங்க! மொத விசில்லயே கேட்டுச்சு" என்றேன், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. தண்ணீர் கொடுத்தேன். அதற்குப் பிறகு விடியும் வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான். ஆனால் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனதை அவர் பார்த்தார். காலையில் கண் எரிய நான் பல் தேய்த்துவிட்டதையும் பார்த்தார்.

அவர் போட்ட கணக்கு எனக்குப் பிற்பாடுதான் பிடிபட்டது. மாத்திரைக் காலத்தில் அவர் எத்தனை விசில் அடித்தாலும் எனக்கு ஒன்றும் போகவில்லை, ஏனென்றால் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு விசிலும் என் தூக்கத்திலிருந்து போகிறது.

அந்த ராத்திரிக்குப் பிறகு விசில் வரவில்லை. அவரும் நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்தேன். பிறகு காலையில் விரிப்பு நனைந்திருக்க ஆரம்பித்தது. உதடு காய்ந்து கிடந்தது. ஒருநாள் விரிப்பை மாற்றும்போது முதுகைத் தொட்டுப் பார்த்தேன். தோல் ஊறிப்போயிருந்தது. ராத்திரி நெடுநேரம் ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏங்க, ஏன் விசில் அடிக்கல? எதுக்கு நான் இம்புட்டுப் பாடுபட்டேன்? கேக்கணும்னுதான? நீங்க அடிக்காட்டி நான் எதைக் கேக்குறது?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"சொல்லுங்க. இனிமே அடிப்பீங்களா மாட்டீங்களா?"

"ரைட்" என்றார். சரி என்று தலையாட்டினாரா, நீ போ என்று தள்ளினாரா, அந்த ஒரே சொல்லில் எதைக் கண்டுபிடிப்பது? சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன். விசில் கயிற்றைக் கட்டில் கம்பியில் இரண்டு முடிச்சாகப் போட்டு இறுக்கினேன், கீழே விழுந்துவிட்டது என்று சாக்குச் சொல்ல முடியாதபடி. அன்று ராத்திரியும் மறுநாளும் ஒரு விசில் அடித்தார். எழுந்து செய்தேன். என் மனம் சமாதானமாயிற்று. தூங்கினேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அம்மா இனி அடிக்கடி வர வேண்டாம் என்றார். எப்போதாவது ஒரு வாரம் தூக்கம் கெட்டால் பயப்படாமல் பாயைச் சுருட்டுகிற வேலையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். நான் சின்னாளபட்டிச் சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன், விசேஷத்துக்குப் போகிறவள் மாதிரி.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, என் வழக்கமான நேரத்துக்குக் கண் விழித்தேன். நடுவில் ஒருமுறைகூட விழிக்கவில்லை. உடம்பு லேசாக இருந்தது. வருஷக்கணக்காக அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை என்று நினைத்துக்கொண்டே பாயைச் சுருட்டினேன். வெந்நீர் வைத்தேன். பல் தேய்த்துவிடக் கிண்ணத்தோடு வந்து முகத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

தெருக்கோடி டாக்டர் வந்து பார்த்தார். ராத்திரி எப்போதோ இரண்டாவது தாக்கு வந்திருக்க வேண்டும், அல்லது இதயமாக இருக்கலாம் என்றார். கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "தெரியாதுங்கம்மா" என்றார். பொய் சொல்லாததற்கு அவர் மேல் மரியாதைதான்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து மகளும் மருமகனும் வந்தார்கள். உடம்பைக் கழுவ எடுத்தபோது மகள் தலையணையைத் தூக்கினாள். "அம்மா, இது என்னம்மா?" என்று நீட்டினாள்.

விசில். நான் போட்ட இரண்டு முடிச்சும் அவிழ்ந்திருந்தன. கயிறு விசிலின் மேல் நெருக்கமாகச் சுற்றி, முனை உள்ளே செருகியிருந்தது. டெப்போவில் இறங்கியதும் சுற்றுவாரே, அதே மாதிரி. ஒரு கையால், பல்லால் முடிச்சை இழுத்து, ஒரு கையாலேயே சுற்றி முடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நெஞ்சு வலித்த நேரத்தில் செய்கிற வேலை இல்லை அது. நான் பாய் விரித்துக் கண் அசந்த பிறகு, நிதானமாக, சத்தம் வராமல் செய்த வேலை. ஒருவேளை ஒவ்வொரு ராத்திரியும் அவிழ்த்துக் காலையில் கட்டினாரோ என்னவோ. அந்த ராத்திரி மட்டும் கட்டக் காலை வரவில்லை.

காரியம் முடிகிற வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது. மகள் அழுதாள். மருமகன் மருந்துக்கடைக்குப் போய் அதே மாத்திரையை வாங்கி வந்துவிட்டார், கேட்டதும் கொடுத்திருக்கிறார்கள்.

"ஏனுங்க அத்தை, ஒண்ணே ஒண்ணு போட்டுட்டுச் செத்த நேரம் படுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இப்ப நீங்க எந்திரிக்கோணும்னு ஒண்ணும் இல்லீங்களே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இடி விழுந்த நேரத்தில் நாலைந்து நாளைக்குத் தப்பில்லை என்று டாக்டர் அம்மாவே சொன்னதுதான். போனில் கேட்டபோது மறுபடியும் அதையே சொன்னார், "உங்க இஷ்டம்மா, போட்டாலும் தப்பில்ல, போடலைன்னாலும் தூக்கம் தானா திரும்பி வரும்" என்றார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சின்னதாக, நடுவில் கோடு போட்டு, வெட்டுவதற்குத் தோதாக இருந்தது. மருமகனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

வைராக்கியம் என்று மகள் எல்லோரிடமும் சொல்கிறாள். வைராக்கியம் ஒன்றும் இல்லை. மாத்திரை போட்டிருந்த காலத்தில் அவர் போயிருந்தால், விசில் அடித்தாரோ என்னவோ, எனக்குத்தான் கேட்கவில்லை என்று சாகும் வரை அரைகுறையாக நினைத்துக்கொண்டிருந்திருப்பேன். இப்போது அந்த அரைகுறையும் இல்லை. எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. பாயை விரிக்கிறேன், தூக்கம் வரவில்லை என்றால் சுருட்டுகிறேன், அடுப்படிக்குப் போகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் திரும்பி வருகிறது. நல்ல தூக்கம், காது உள்ள தூக்கம். வருகிறதே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

ஒரே ஒரு விசில் அடித்திருக்கலாம். நான் எழுந்திருப்பேன். அதற்காகத்தானே நிறுத்தினேன்.